பதிமூணாவது கதவு

சென்னை மெட்ரோ ரயிலில் 4 பெட்டி, பெட்டிக்கு ஒரு பக்கம் 4 கதவு. ஆக 16 கதவு. ரயில் தினமும் அதே இடத்துலதான் நிக்கும். அதனால எந்தக் கதவுல ஏறுறோம்ங்கிறதை முன்கூட்டியே முடிவு பண்ணலாம்.

ஆலந்தூர்ல நான் நீல வழித்தடத்துல இருந்து பச்சைக்கு மாறுறவன். தப்பான முனையில இறங்கினா படிக்கு 80 மீட்டர் நடை, ஒரு நிமிஷம். அதைவிட மோசம், அதுக்குள்ள எஸ்கலேட்டர் முன்னாடி கூட்டம் சேர்ந்துடும். மேல நிக்கிற ரயில் காத்திருக்காது.

ஏறுற ஸ்டேஷன்ல எப்படியும் சும்மாதானே நிக்கிறோம்? அந்த நடையை அங்கேயே நடந்துடலாம். ஒருநாள் இறங்கினதும், படிக்கு நேரா இருக்கிறது ரயிலின் முன்பக்கத்துல இருந்து எத்தனாவது கதவுன்னு எண்ணிக்கோங்க. 13ன்னு வைங்க: நாலாவது பெட்டியில முதல் கதவு. மறுநாள் அங்க நில்லுங்க.

எதிர்த்திசையில வந்தா இந்த எண் செல்லாது. ரெண்டு திசை ரயிலும் ஒரே நடு பிளாட்ஃபார்ம்ல நின்னா, 17-ல இருந்து கழிக்கணும்: அதே படிக்கு 4-வது கதவு.

கூட்டம்? இறங்கி வர்ற படிக்குப் பக்கத்துக் கதவுலயே பெரும்பாலானவங்க ஏறிடுவாங்க. உங்க கதவும் அதுதான்னா, ரெண்டு கதவு தள்ளி நில்லுங்க. பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான் கூடும். அப்புறம், ஒரு பெட்டி பெண்களுக்கானது. எண் அதுல விழுந்தா, நம்ம ஆண்கள் பக்கத்துப் பெட்டிதான்.