போன அலை திரும்பி வந்தால்

கவுண்டர் சிப்புக்கு ஆயிரம் துடிப்புகளை அனுப்பினால் அது ஆயிரத்து மூன்று என்று எண்ணிக் காட்டுகிறது. நிரலில் பிழை இல்லை. மின்சாரம் சீராக வருகிறது. கடிகாரத் துடிப்பின் வேகமும் வெறும் 1 மெகாஹெர்ட்ஸ்தான். சர்க்யூட்டின் வரைபடத்தை எத்தனை முறை புரட்டினாலும் குறை அகப்படாது. வரைபடத்தில் ஒரு கோடாக இழுத்துவிட்ட இடத்தில்தான் அது ஒளிந்திருக்கிறது: இரண்டு சிப்புகளை இணைக்கும் 15 சென்டிமீட்டர் செப்புத் தடத்தில்.

பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடிய போர்டிலும் இந்தக் கோளாறு திடீரென முளைக்கும். அதே பெயர், அதே எண் கொண்ட சிப்பையே வாங்கிப் பொருத்தியிருப்பார்கள். ஆனால் தயாரிப்பாளர் அதை இப்போது இன்னும் நுண்ணிய முறையில் செய்கிறார். நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது மாறவில்லை. ஒவ்வொரு துடிப்பும் 0 வோல்ட்டிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு ஏற எடுத்துக்கொள்ளும் நேரம் மாறிவிட்டது. முன்பு 5 நானோ நொடியில் நிதானமாக ஏறியது, இப்போது அரை நானோ நொடியில் பாய்கிறது. சிக்கல் அந்தப் பாய்ச்சலில் இருக்கிறது.

ஒளி வெற்றிடத்தில் ஒரு நானோ நொடிக்கு 30 சென்டிமீட்டர் போகும். கண்ணாடியிழையும் பிசினும் சேர்ந்த சாதாரண போர்டில் சிக்னல் ஏறக்குறைய அதில் பாதி, 15 சென்டிமீட்டர் போகும். அதாவது நம் தடத்தின் மறுமுனையை அடைய ஒரு நானோ நொடி, போய்த் திரும்ப இரண்டு. 5 நானோ நொடியில் ஏறும் சிக்னலுக்கு இது பொருட்டல்ல. ஏறி முடிப்பதற்குள் அலை போய்த் திரும்பி அந்த ஏற்றத்திலேயே கரைந்துவிடும். அரை நானோ நொடியில் ஏறினால் கதை வேறு. மறுமுனையில் என்ன இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே முழு அலையும் தடத்தில் இறங்கிவிடுகிறது.

மறுமுனை தெரியாத நிலையில், எவ்வளவு மின்னோட்டம் பாய வேண்டும் என்பதை எது முடிவு செய்கிறது? காலடியில் இருக்கும் தடம்தான். தடத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் மின்தூண்டல் உண்டு, கீழேயுள்ள தரைத் தளத்தோடு சேர்ந்து கொஞ்சம் மின்தேக்கமும் உண்டு. அலை முன்னேற முன்னேற இவற்றை நிரப்பிக்கொண்டே போகிறது. அப்போது வோல்ட்டேஜுக்கும் மின்னோட்டத்துக்கும் இடையே ஒரு நிலையான விகிதம் அமைகிறது. அதைத்தான் கேரக்டரிஸ்டிக் இம்பீடன்ஸ் என்கிறார்கள். அதன் அலகும் ஓம்தான். தடம் நீண்டாலும் குறுகினாலும் இது மாறாது. தடத்தின் அகலமும், தரைத் தளத்துக்கு மேல் அது இருக்கும் உயரமுமே பெரிதும் இதைத் தீர்மானிக்கின்றன. போர்டின் மேல்புறத்தில் ஓடும் தடத்துக்கு, அந்த உயரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலம் வைத்தால் 50 ஓம் கிடைக்கும். மல்டிமீட்டரை வைத்து இதை அளக்க முடியாது. மீட்டர் முள்ளைத் தொட்டு எண்ணைப் பார்ப்பதற்குள் அலை கோடிக்கணக்கான முறை போய் வந்து அடங்கியிருக்கும்.

இப்போது நம் போர்டில் அலையைப் பின்தொடரலாம். அனுப்பும் சிப்பின் உள்ளே 10 ஓம் மின்தடை, தடம் 50 ஓம். 3.3 வோல்ட் இவ்விரண்டுக்கும் பங்காகிறது. தடத்தில் இறங்குவது 2.75 வோல்ட். ஒரு நானோ நொடியில் அது பெறும் சிப்பை எட்டுகிறது. அந்தச் சிப்பின் உள்ளீடு மின்னோட்டத்தை ஏறக்குறைய வாங்கவே வாங்காது. மூடிய மதகில் மோதும் வாய்க்கால் தண்ணீர் மேலெழும்பித் திரும்புவதுபோல, அலை அங்கே இரட்டிப்பாகித் திரும்புகிறது. 3.3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாத இடத்தில் 5.5 வோல்ட்!

திரும்பிய அலை அனுப்பிய சிப்பிடம் வருகிறது. அங்கே 10 ஓம். தடமோ 50 ஓம். இரண்டின் வேறுபாட்டை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 40/60. அலையின் மூன்றில் இரண்டு பங்கு மறுபடி எதிரொலிக்கிறது, இம்முறை தலைகீழாக. 3-வது நானோ நொடியில் பெறும் முனை 1.83 வோல்ட்டுக்குச் சரிகிறது. 5-வதில் 4.28. 7-வதில் 2.65. இப்படித் தள்ளாடித் தள்ளாடி 3.3-இல் வந்து நிற்கிறது.

துடிப்பு இறங்கும்போது இதே ஆட்டம் கவிழ்ந்து நடக்கிறது. 0 வோல்ட்டுக்கு வர வேண்டிய முனை முதலில் −2.2-க்கு இறங்கி, 3-வது நானோ நொடியில் 1.47 வோல்ட்டுக்குத் துள்ளி எழுகிறது. உள்ளீட்டில் இருக்கும் பாதுகாப்பு டையோடுகள் இதைக் கொஞ்சம் தணிக்கும், முழுவதும் அல்ல. இவ்வகைச் சிப்புகளில் பல 1.5 வோல்ட்டுக்குச் சற்று முன்பின்னாக 0, 1 என்று பிரித்தறிகின்றன. கொஞ்சம் இரைச்சலும் சேர்ந்தால் அந்தத் துள்ளல் ஒரு புதிய துடிப்பாகிவிடும். ஆயிரம் ஆயிரத்து மூன்றானது இப்படித்தான். கடிகாரத்தை 1 மெகாஹெர்ட்ஸிலிருந்து பத்தாயிரம் ஹெர்ட்ஸுக்குக் குறைத்தாலும் பயனில்லை. ஒவ்வொரு விளிம்பிலும் அதே துள்ளல் இருக்கும். வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், அப்படியும் போகவில்லை, அதனால் இது சிக்னல் கோளாறு அல்ல என்று முடிவுகட்டி நாள்கணக்கில் நிரலைக் கிளறுபவர்கள் உண்டு. அவர்கள் இழப்பது அரிய உழைப்பு.

தீர்வு சில பைசா விலையுள்ள ஒரு ரெசிஸ்டர். அனுப்பும் சிப்பின் காலை ஒட்டி 39 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்தால், உள்ளேயிருக்கும் 10 ஓமுடன் சேர்ந்து 49 ஓம், தடத்துக்கு ஏறக்குறைய இணை. இனி தடத்தில் இறங்குவது பாதி, 1.65 வோல்ட்தான். மறுமுனையில் இரட்டிப்பாகும்போது சரியாக 3.3. திரும்பும் அலை தொடக்க முனையில் தன்னையொத்த மின்தடையைக் காண்கிறது, அடங்கிவிடுகிறது. வழக்கமாகத் தொல்லை தரும் எதிரொலியே இங்கே சிக்னலை நிறைவு செய்கிறது. பொறியியலில் இவ்வளவு அழகான ஏற்பாடுகள் குறைவு.

ஆனால் ரெசிஸ்டரை இடம் பார்த்து வைக்க வேண்டும். அதே 39 ஓமைப் பெறும் சிப்பின் அருகில் தொடராக வைத்தால் எதிரொலி அப்படியே இருக்கும். தடத்தின் நடுவில் இன்னொரு சிப்பைத் தொங்கவிட்டாலும் தொல்லைதான். அலை போய்த் திரும்பும்வரை நடுவில் பாதி வோல்ட்டேஜ்தான் இருக்கும், அந்தச் சிப் 0-வா 1-ஆ என்று தடுமாறும். பல சிப்புகள் ஒரே தடத்தில் கேட்க வேண்டுமானால் கடைசி முனையில் தரைக்கு 50 ஓம் வைத்து அலையை அங்கேயே விழுங்கச் செய்யலாம். அதற்கு விலை மின்சாரம்: 3.3 வோல்ட்டில் நிற்கும் நேரமெல்லாம் அதில் 66 மில்லியாம்பியர் ஓடும், சாதாரண சிப்புகளால் தாங்க முடியாது. டிடிஆர்2 காலம் முதல் நினைவகச் சிப்புகள் இந்த மின்தடையைத் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மட்டும் இணைத்துக்கொள்கின்றன.

கார்களில் ஓடும் கேன் பஸ்ஸிலும் இதே விதிதான். அங்கே முறுக்கிய கம்பி இணையின் மறுப்பு 120 ஓம். இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். வண்டியின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கம்பிகளுக்கிடையே மல்டிமீட்டரை வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனையின் ரெசிஸ்டர் போயிருக்கிறது, அல்லது கம்பி நடுவில் அறுந்திருக்கிறது.

போர்டில் இதைக் கண்டுபிடிக்க ஆசிலாஸ்கோப் வேண்டும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. நம் தடத்தில் தள்ளாட்டத்தின் ஒரு சுற்று, ஒருவழிப் பயண நேரத்தைப் போல நான்கு மடங்கு, 4 நானோ நொடி. அதாவது 250 மெகாஹெர்ட்ஸ். 100 மெகாஹெர்ட்ஸ் ஆசிலாஸ்கோப் அதை வழவழப்பாக்கி, பழுதில்லை என்று காட்டிவிடும். தரமான கருவியிலும், புரோபோடு வரும் நீண்ட தரைக் கம்பியே தன் பங்குக்கு ஒரு தள்ளாட்டத்தைச் சேர்க்கும். அந்தக் கம்பியைக் கழற்றி, முனையை ஒட்டிய சிறு ஸ்பிரிங்கைத் தரைக்கு வைத்து மீண்டும் அளந்து பார்த்தால் உண்மை தெரியும். அப்போதும் 4 நானோ நொடிச் சுற்று நின்றால், அது தடத்தின் 15 சென்டிமீட்டரோடு பொருந்துகிறது. ரெசிஸ்டரைக் கையில் எடுக்கலாம்.