கை உயர்ந்ததா, எண்ணப்பட்டதா?

திருக்கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடற்றொழிலாளர் சங்கமொன்றுக்குப் புதிதாகச் செயலாளராகியிருக்கிறாராம். பழைய அறிக்கைப் புத்தகத்தில், வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குக் கீழே "நிர்வாக சபை ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டது" என்ற ஒரே வரிதான் இருக்கிறதாம். "இது போதுமா?" என்று கேட்கிறார்.

போட்டியே இல்லாவிட்டால் ஓரளவு போதும். அப்போதும் யார் பிரேரித்தார், யார் ஆமோதித்தார் என்று பதவிவாரியாக எழுதியிருக்க வேண்டும். ஒரு பதவிக்கு இரண்டு பெயர் வந்துவிட்டாலோ, 'ஏகமனதாக' என்ற சொல்லுக்கு அங்கே வேலையில்லை. தோற்றவரின் பெயரும் அவரைப் பிரேரித்தவரின் பெயரும் அறிக்கையில் ஏற வேண்டும். மனம் நோகும் என்று அவற்றை விட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். ஆனால் தோற்றவரை மறைத்த அறிக்கையில் வென்றவரின் வெற்றிக்கும் சாட்சி கிடையாது.

நம் ஊரிலேயே நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1949இல் தொடங்கிய தமிழரசுக் கட்சி, 2024 ஜனவரி 21 அன்று திருகோணமலையில் தன் தலைவரை இரகசிய வாக்கெடுப்பால் தெரிவு செய்தது. களத்தில் மூவர் இருந்தனர். சீ. யோகேஸ்வரன் விலகிக்கொள்ள, சி. சிறீதரனுக்கு 184 வாக்குகளும் ம.ஆ. சுமந்திரனுக்கு 137 வாக்குகளும் கிடைத்தன. செய்திக்கு இவ்வளவு போதும், அறிக்கைக்குப் போதாது. விலகியவர் எப்போது விலகினார், வாக்குச்சீட்டு கொடுக்கத் தொடங்குவதற்கு முன்பா பின்பா? பின்பென்றால் அவர் பெயருக்கு விழுந்த சீட்டுகளை என்ன செய்தார்கள்? 184ஐயும் 137ஐயும் கூட்டினால் 321. கொடுத்த சீட்டு எத்தனை, பெட்டியில் இருந்தது எத்தனை, நிராகரித்தது எத்தனை என்று எழுதினால்தான் அந்த 321 நிலைத்து நிற்கும்.

என் அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். மூட்டை இறங்கும்போது கப்பல் தரப்பில் ஒருவர் எண்ணுவார், கரைத் தரப்பில் ஒருவர் எண்ணுவார். இரண்டும் பொருந்தாவிட்டால் யாரும் கையெழுத்து வைக்கமாட்டார்கள். தேர்தல் அறிக்கையும் அப்படித்தான். ஒரு பக்கம் வாக்களிக்க உரித்துடையோர், மறுபக்கம் வாக்குகள்.

இந்தக் கணக்கு எனக்கு மிகவும் சுவைப்பது கை உயர்த்தும் வாக்கெடுப்பில்தான். இரகசிய வாக்கில் சீட்டாவது கையில் மிஞ்சும். கை இறங்கிவிட்டால் எதுவும் மிஞ்சாது, எழுதியதுதான் சாட்சி. வரவுப் புத்தகத்தில் 58 உறுப்பினர் கையெழுத்து இருக்கிறது என்று வையுங்கள். ஒருவருக்கு 27, மற்றவருக்கு 24, கை உயர்த்தாதோர் 7. கூட்டினால் 58, கணக்குச் சரி. அதே கூட்டத்தில் 34க்கு 29 என்று வந்தால் 63 கைகள்! யாரோ சிலர் இரண்டு பேருக்கும் கை உயர்த்தியிருக்கிறார்கள், அல்லது பின்வரிசையில் உறுப்பினரல்லாத உறவினர்கள் உற்சாகமாகக் கலந்துவிட்டார்கள். இது வரவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டாலே அந்த இடத்தில் பிடிபடும். இதைவிடச் சிறிய பிசகு கை உயர்த்தாதோரையும் எண்ணினால்தான் பிடிபடும். வரிசைக்கு வரிசை இருவர் எண்ணட்டும். வித்தியாசம் சிறிதென்றால் இரு பக்கமாக எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி எண்ணட்டும். இரண்டு எண்ணிக்கையையும் எழுதுங்கள், எண்ணியவர்களின் பெயரோடு. கம்பனிகளில் நிலைமை வேறு. அங்கே கை உயர்த்தும்போது ஆளுக்கு ஒரு வாக்கு. யாராவது முறைப்படி வாக்கெடுப்புக் கேட்டால் பங்குக் கணக்கில் எண்ண வேண்டிவரும். ஆகவே வாக்கெடுப்பைக் கேட்டவர் யார் என்பதும் அறிக்கைக்குள் வரும்.

கணக்கு பொருந்தினாலும் ஒரு கேள்வி மிஞ்சும்: எண்ணப்பட்ட கைகள் யாருடையவை? தமிழரசுக் கட்சியின் தெரிவுகள் யாப்புக்கு முரணானவை என்று திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. 2024 பெப்ரவரியில் கட்சி மாநாட்டுக்கு இடைக்காலத் தடை விழுந்தது. பெரிய கட்சிக்கே இந்தப் பாடு. ஆகவே சந்தா கட்டி வாக்குரிமை பெற்றோரின் பட்டியலைப் பொருளாளர் கூட்டத்துக்கு முன்பே கையொப்பமிட்டுத் தர, செயலாளர் அதை அறிக்கையோடு இணைக்க வேண்டும். வாக்கு விழுந்த பிறகு தயாரிக்கும் பட்டியலை யாரும் நம்பமாட்டார்கள்.

எண்ணிய சீட்டுகளை உறையிலிட்டு, ஒட்டிய இடத்தில் இரு தரப்பாரிடமும் கையொப்பம் வாங்குங்கள். எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதை அதே கூட்டத்தில் தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள். சமமான வாக்குகள் வந்தால் தலைவரின் மேலதிக வாக்கா, திருவுளச்சீட்டா என்று யாப்பில் பாருங்கள். யாப்பு சொல்லாத வழியை அந்த நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டாம்.

அறிக்கையை உறுதிப்படுத்த அடுத்த வருடாந்தக் கூட்டம் வரும்வரை காத்திருந்தால் பாதிப் பேருக்கு நினைவிருக்காது. தெரிவுப் பகுதியை மட்டுமாவது கூட்டம் கலைவதற்கு முன் வாசித்து, தெரிவை நடத்திய தற்காலிகத் தலைவரிடம் கையொப்பம் வாங்கிவிடுங்கள். அடுத்த வாரமே சங்கக் கணக்கில் கையொப்பக்காரரை மாற்ற வங்கிக்குப் போவீர்கள். அங்கே முதலில் கேட்பது இந்தப் பக்கத்தின் உறுதிப்படுத்திய பிரதியைத்தான். தேசிய அடையாள அட்டையில் உள்ளபடியே முழுப்பெயரை எழுதிவையுங்கள். 'சின்னத்தம்பி அண்ணை' என்று எழுதிய பக்கத்தை வங்கியில் எடுக்கமாட்டார்கள்.