வரிசையில் நின்ற இரத்தம்

மும்பையில் என் அடுத்த வீட்டு மாமி ஒருமுறை என்னிடம், "நீங்கள்தானே அந்த லேபில் இருக்கிறீர்கள். நம்ம இரத்தத்தை மட்டும் கொஞ்சம் முன்னால் தள்ளிவிடக் கூடாதா?" என்று கேட்டார். முப்பது வருஷம் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். இந்தக் கேள்வியை நான்கு மொழிகளில் கேட்டிருக்கிறேன்.

காலை எட்டு மணிக்கு டிரேக்களில் சாம்பிள் குழாய்கள் வந்து குவியும். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, ரிஜிஸ்டரில் ஏற்றி, அந்த எண் வரிசையிலேயே எடுப்போம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் குழாயும் ஒரே சிவப்பு. எது முக்கியம் என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால் முதலில் வந்தது முதலில் என்பதுதான் எங்களுக்குப் பாதுகாப்பு. இப்படி எடுத்தால் எதுவும் மூலையில் கிடந்து மறந்துபோகாது.

மாமிக்கு ஒரு கணக்குச் சொன்னேன். 20 குழாய்கள், ஒவ்வொன்றுக்கும் 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். கடைசிக் குழாயை முதலில் எடுத்தால் அதற்கு 57 நிமிடம் மிச்சம். ஆனால் மற்ற 19 பேரும் ஆளுக்கு 3 நிமிடம் பின்னால் போகிறார்கள். 19-ஐ 3-ஆல் பெருக்கினால் அதே 57! மொத்தத்தில் யாருக்கும் நேரம் மிச்சமாகவில்லை. ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். ஆகவே, அந்த ஒருவருடைய நிமிடம் மற்றவர்களுடையதைவிட உண்மையிலேயே விலை கூடியதாக இருந்தால்தான் முன்னால் தள்ளுவதற்கு நியாயம் உண்டு.

அப்படி விலை கூடிய நிமிடங்களும் உண்டு. சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகலாம். 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது 7-ஐத் தாண்டினால், டாக்டர் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. அந்தக் குழாயை எந்த வரிசையிலும் நிறுத்த மாட்டோம். (சீரம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் மட்டும் நிதானிக்க வேண்டும். சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளிருந்த பொட்டாசியம் வெளியே கசிந்து, பொய்யான கணக்குக் காட்டும். வேறு இரத்தம் எடுக்கச் சொல்வோம்.)

இன்னொரு காரணம், சாம்பிளே கெட்டுப்போவது. தமனியிலிருந்து வாயு அளவு பார்க்க எடுத்த இரத்தத்தைச் சுமார் அரைமணிக்குள் பார்த்துவிட வேண்டும். சிரிஞ்சுக்குள்ளும் அணுக்கள் உயிரோடிருந்து ஆக்ஸிஜனைத் தின்றுகொண்டே இருக்கும். ஆள் நன்றாக இருந்தாலும் அந்தச் சிரிஞ்சு காத்திருக்காது.

சிக்கல் வேறிடத்தில் வந்தது. அவசரம் என்றால் சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. சில மாதங்களில் பாதிக் குழாய்களில் சிவப்புச் சீட்டு! டாக்டரின் உறவினர், அலுவலகத்துக்கு நேரமாகிறவர், சும்மா சத்தம் போடுகிறவர், எல்லோருக்கும் சீட்டு.

ஒரு நாள் வயதான அம்மா ஒருவரின் குழாய் எட்டு மணிக்கே வந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க. ஃபுளோரைடு போட்ட குழாய் அன்று தீர்ந்துவிட்டதால் சாதாரணக் குழாயில் எடுத்திருந்தார்கள். சிவப்புச் சீட்டுகள் ஒவ்வொன்றாக முன்னால் நுழைந்ததில், அந்த அம்மாவின் முறை வந்தபோது பதினொன்றரை. விடை 105. சர்க்கரை நோய் என்று சொல்லும் அளவுக்குக் கீழே.

அணுக்களைப் பிரிக்காத இரத்தத்தில் சர்க்கரை மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை குறையும். மூன்றரை மணி நேரம் அவர் சர்க்கரையை அவர் இரத்தமே சாப்பிட்டிருக்கிறது. நல்லவேளையாக டாக்டர் நம்பவில்லை. நோயாளிக்குத் தாகமும் எடை இழப்பும் இருந்ததால் மறுநாள் திரும்ப எடுத்து, உடனே சுழற்றிப் பிரித்துப் பார்த்தோம். 131. அதாவது 126 என்ற எல்லைக்கு மேலே. அந்த அம்மா என்னிடம் கோபிக்கக்கூட இல்லை. "நான்தானே முதல்ல வந்தேன் தம்பி?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சீட்டில் காரணம் எழுதாமல் ஒட்டினால் வாங்க மாட்டோம் என்றோம். "வி.ஐ.பி." என்பது காரணமல்ல என்று புரியவைக்கத்தான் அதிக நாள் பிடித்தது! அவசரக் குழாய்களுக்குள்ளும் எண் வரிசைதான். ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் ரிஜிஸ்டரைப் புரட்டி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும் சாதாரணக் குழாயைத் தேடி எடுத்து முன்னால் வைப்பார். சர்க்கரைக் குழாயாக இருந்தால், இயந்திரத்தில் ஏற்ற முறை வராவிட்டாலும் முதலில் சுழற்றிப் பிரித்துவிடுவோம். அதற்குப் பிறகு அது காத்திருந்தாலும் விடை மாறாது.

மாமியின் குழாய் அன்று 14-வதாக வந்தது. 14-வதாகவே எடுத்தேன். இரண்டு வாரம் பேசவில்லை.