வெளிநாட்டு விற்பனையாளரும் டி.டி.எஸ். பிடித்தமும்

வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியாவிலுள்ள தம் வீட்டை விற்கும்போது, வாங்குபவர் விலையிலிருந்து வரியைப் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த வீடு 40 லட்சம் ரூபாய்க்கு விலைபோகிறது. லாபம் 10 லட்சம் என்று கொள்வோம். 12.5 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்ந்து 13 சதவீதம். முழு விலைக்கும் பிடித்தால் 5.20 லட்சம் போகும். உண்மையான வரியோ 1.30 லட்சம்தான். மீதியை ரிட்டர்ன் தாக்கல் செய்து, ரீஃபண்டாகத்தான் பெற முடியும்.

ஆகவே விற்பவர் பணம் கைமாறும் முன்பே வருமான வரித்துறையிடம் குறைந்த பிடித்தச் சான்றிதழ் வாங்கி, வாங்குபவருக்கு இப்படி எழுதுவது வழக்கம்: “நான் வெளிநாட்டில் வசிப்பவர். சான்றிதழை இணைத்துள்ளேன். அதிலுள்ள விகிதப்படி பிடித்து, என் பான் எண்ணில் வரவு வையுங்கள். காலாண்டு அறிக்கை தாக்கல் செய்ததும் டி.டி.எஸ். சான்றிதழை அனுப்புங்கள்.”

பான் எண் தவறினாலோ, அறிக்கை தாக்கலாகாவிட்டாலோ, பிடித்த வரி விற்பவர் கணக்கில் தெரியாது. பிடிக்கத் தவறினால் வரியும் வட்டியும் வாங்குபவர் தலையில் விழும்.