வண்டலூர் டிக்கெட் வாங்கிய பையனுக்கு

பதினைந்து வயதில் இருந்த தனக்கே ஒரு கடிதம் எழுதிப் பார்ப்பது இப்போது பலரும் செய்கிற காரியம். மனநல ஆலோசகர்கள் எழுதச் சொல்கிறார்கள். பிரபலங்கள் தங்கள் பதினாறு வயதுக்கு எழுதிய கடிதங்களைத் தொகுத்து இங்கிலாந்தில் ஜோசப் கலியானோ என்பவர் 2009இல் ஒரு புத்தகமே கொண்டுவந்தார். ஆனால் எழுத உட்கார்ந்தால், இரண்டாவது பத்தியிலேயே பேனா பெரியவர் குரலில் பேசத் தொடங்கிவிடும். தைரியமாக இரு, உன்னை நம்பு, எல்லாம் நல்லபடியாக முடியும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்ல அப்போதே ஊர் முழுக்க ஆள் இருந்தார்கள். இருபது முப்பது வருஷம் கழித்து இன்னொருவர் வந்து அதையே சொல்வதில் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?

எனக்குத் திக்குவாய். ஆகவே அறிவுரையோடு பழக்கம் அதிகம். "மூச்சை நல்லா இழுத்துவிட்டுட்டுப் பேசுப்பா", "அவசரப்படாதே, மெதுவா சொல்லு" என்று கடைக்காரர் முதல் கல்யாண வீட்டில் பார்த்த தூரத்துச் சித்தப்பா வரை எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அத்தனையும் அன்பாகச் சொன்னவைதான். ஒவ்வொன்றும் "நீ முயன்றால் சரியாகும், நீ முயலவில்லை" என்றே எனக்குக் கேட்டது. அதனால் என் கடிதத்துக்கு முதல் நிபந்தனை: அவனை எதுவும் செய்யச் சொல்லக் கூடாது.

சொல்வதற்கு வேறு என்ன இருக்கிறது? இரண்டு இருக்கின்றன. அன்று யாரும் கவனிக்காத ஒன்றை நான் பார்த்தேன் என்று சொல்லலாம். அன்று அவனுக்குத் தெரியாமல் போன ஓர் உண்மையைச் சொல்லலாம். இரண்டுக்கும் பொதுவான பதினைந்து வயது போதாது. குறிப்பிட்ட ஒரு நாள், ஒரு இடம் வேண்டும். "உனக்குக் கஷ்டமான காலம்" என்று தொடங்கினால் அந்தக் கடிதம் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். நான் பேருந்தில் தொடங்கினேன்.

"தாம்பரத்தில் ஏறியவுடன் நீ காசை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வாய். நீ இறங்க வேண்டியது பெருங்களத்தூர். அந்தப் 'பெ' வராது என்று உனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். உதடு ஒட்டிக்கொள்ளும், கண்டக்டர் காத்திருப்பார், பின்னால் இருப்பவர் எட்டிப் பார்ப்பார். அதனால் 'வண்டலூர் ஒண்ணு' என்று கேட்டு, கூடுதல் காசு கொடுத்து, பெருங்களத்தூரிலேயே இறங்கிக்கொள்வாய். வீட்டில் காசுக் கணக்குக் கேட்டால் ஏதோ சொல்லிச் சமாளிப்பாய். இதை நீ யாரிடமும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்."

இதில் ஆறுதல் சொல்லும் வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் எழுதும்போது எனக்குத் தொண்டை அடைத்தது இந்த இடத்தில்தான். தனியாகச் சுமந்த ஒன்றுக்கு ஒரு சாட்சி கிடைப்பது பெரிய விஷயம்.

அடுத்தது தெரியாமல் போன உண்மை. அந்த வயதில் என்னை வாட்டிய கேள்வி ஒன்று உண்டு. வகுப்பு முழுக்கச் சேர்ந்து மனப்பாடச் செய்யுள் சொல்லும்போது எனக்குத் தடையே இருக்காது. அதே செய்யுளைத் தனியாக எழுந்து சொல்லச் சொன்னால் முதல் சீரிலேயே நின்றுவிடுவேன். "சேர்ந்து சொல்றப்ப வருதுல்ல, தனியா மட்டும் ஏன் வரலை?" என்று ஓர் ஆசிரியர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நான் நடிக்கிறேனோ, பயந்தாங்கொள்ளியோ என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. திக்கல் பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் தொடங்குகிறது. அப்படித் தொடங்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடும். வளர்ந்தவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு நிலைத்துவிடுகிறது. பெண்களைவிட ஆண்களிடம் அதிகம். பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. பேச்சசைவுகளை நேரம் பிசகாமல் அடுத்தடுத்துத் தொடங்கிவைக்கும் மூளையின் ஏற்பாட்டில்தான் வேறுபாடு. பதற்றம் திக்கலை அதிகமாக்கும். ஆனால் பதற்றத்தால் திக்கல் உண்டாவதில்லை. பலரோடு சேர்ந்து சொல்லும்போது அந்தத் தாளம் வெளியிலிருந்து கிடைத்துவிடுகிறது, அதனால் திக்கல் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. பாடும்போதும் அப்படித்தான். திக்குபவர்கள் பெரும்பாலோருக்கு இது பொருந்தும்.

கடிதத்தில் அதை இப்படி எழுதினேன். "அவர் கேட்ட கேள்விக்கு நீ திருதிருவென்று விழித்தாய். அதற்குப் பதில் சொல்ல ஆராய்ச்சிக்கூடம் வேண்டியிருந்தது. உன்னால் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? நாற்பது பேரோடு சேர்ந்து சொன்னபோது வந்ததும் உன் குரல்தான், தனியாக நின்றபோது வராததும் உன் குரல்தான். இரண்டிலும் நீ நடிக்கவில்லை."

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யலாம். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு 'வேண்டும்', 'கூடாது', 'இரு', 'விடு' என்று முடியும் வாக்கியங்களின் கீழெல்லாம் கோடு போடுங்கள். கோடு விழுந்த இடத்தில் நீங்கள் அந்தப் பிள்ளையைத் திருத்தப் பார்க்கிறீர்கள். என் தாளில் 'இனிமேல் பெருங்களத்தூர் என்றே கேள்' என்ற வரி கோடு வாங்கியது. அதை எடுத்துவிட்டு, "வாக்கியம் வாயிலிருந்து வருவதற்குள் முன்னே ஓடிப் பார்த்து, வராத சொல்லுக்குப் பதில் வேறு சொல்லைக் கொண்டுவந்து வைக்கிறாயே, அது எவ்வளவு வேலை தெரியுமா? சாயங்காலம் நீ களைத்துப் போவதற்கு அதுவும் காரணம்" என்று எழுதினேன். அதே பேருந்து, அதே டிக்கெட். ஆனால் அவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை.

எதிர்காலத்தைப் பற்றி எழுதும்போதும் கை கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 'பின்னால் பார், நீ பெரிய ஆளாவாய்' என்பது ஆறுதல் போலத் தோன்றும். ஆனால் பெரிய ஆளானால்தான் அந்த வலிக்கு மதிப்பு என்று அது சொல்லாமல் சொல்கிறது. நான் உண்மையை மட்டும் எழுதினேன்: "போனில் பெயர் சொல்லும்போது இன்றைக்கும் அடைக்கும். எதிர்முனையில் சிலர் வைத்துவிடுகிறார்கள். பலர் காத்திருக்கிறார்கள். காத்திருப்பவர்களோடுதான் என் வாழ்க்கையின் பெரும்பகுதி போகிறது."

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எழுதி முடித்தவுடன் மனம் லேசாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்களை வருத்திய நிகழ்வுகளை எழுதினார்கள். நடந்ததையும் மனதில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதிய கையோடு மனம் கனத்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் உடம்பு சரியில்லை என்று மருத்துவரிடம் போனது குறைந்தது. பிறகு வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் பலன் உண்டு, ஆனால் சிறிதுதான் என்றார்கள். எனக்கும் இரண்டு நாள் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, பிறகு சரியாகிவிட்டது.

பதினைந்து வயதில் நடந்தது வன்முறையாகவோ, பாலியல் கொடுமையாகவோ, உயிரை விட நினைத்த நாளாகவோ இருந்தால் இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து எழுதாதீர்கள். ஓர் ஆலோசகர் பக்கத்தில் இருக்கும்போது எழுதலாம். மற்றவர்களும், எழுதும்போது மூச்சு முட்டுவதுபோல் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். கடிதம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை. அந்தப் பிள்ளை கெடு எதுவும் வைக்கவில்லை.