காந்தம் சொல்லாத ரகம்

கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டலை பாருங்க, நல்ல ஸ்டீல்" என்பார். நம்பிவிடாதீர்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் கூட்டிய மலிவான 201 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. புளியும் உப்பும் தினமும் படும் டப்பாவின் உள்பக்கத்துக்கு, சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304 ரகமே ஏற்றது. அட்டைப்பெட்டியில் உள்சுவரின் ரகத்தைத் தேடிப் படியுங்கள்.

மூடியின் சிலிக்கோன் வளையம் நெம்பினால் கழன்று வர வேண்டும். கழற்ற முடியாத வளையத்தின் அடியில் சாம்பார் எண்ணெய் தங்கி, எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாது. தண்ணீர் பாட்டிலின் வாயில் பிரஷாவது தாராளமாக நுழைய வேண்டும்.

வாங்கியதும் கொதிநீர் ஊற்றி மூடி, பத்து நிமிடம் கழித்து வெளிச்சுவரைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், சுவர்களுக்கு இடையே வெற்றிடம் இல்லை. மாற்றித் தரச் சொல்லுங்கள்.