மடிப்போடு மடியும் பிரிண்ட்

ஆன்லைன் கடைகளில் விற்பனைக்கு வரும் பல ஹூடிகளுக்கு, படம் ஏற்றப்படும் நேரத்தில் துணிகூட வெட்டியிருக்க மாட்டார்கள். வெற்று ஹூடி போட்ட ஒருவரை முதுகுப் பக்கமாக ஒரு முறை போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அதன்பின் வரும் டிசைன்களையெல்லாம் கம்ப்யூட்டரிலேயே அந்த முதுகில் ஏற்றிவிடுகிறார்கள். தொழிலில் இதற்கு மாக்கப் என்று பெயர். நன்றாகச் செய்த மாக்கப்பைப் பார்க்கிறவருக்கு அது மாக்கப் என்றே தோன்றாது. அரைகுறையாகச் செய்தது, நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிய லேபிள் மாதிரி துணிமேல் தனியாக நிற்கும். துணி சுருங்கியிருக்கும், டிசைன் மட்டும் இஸ்திரி போட்டதுபோல் விறைப்பாக இருக்கும்.

ஹூடியின் முதுகு இதற்குக் கொஞ்சம் முரண்டுபிடிக்கும் இடம். டி-ஷர்ட் துணி மெல்லியது. அதில் சிறுசிறு சுருக்கங்கள்தான் விழும். ஹூடிக்குப் பயன்படும் ஃபிளீஸ் தடிமனானது. அதில் மடிப்புகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் பெரியது. அக்குளிலிருந்து முதுகின் நடுவை நோக்கிச் சாய்வாக இரண்டு மூன்று வரும். இடுப்பில் ரிப் இறுக்கிப் பிடிப்பதால் அதற்கு மேலே துணி தொய்ந்து குறுக்கே மடியும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிரிண்ட் உட்கார வேண்டும்.

போட்டோஷாப்பில் இதற்கென்றே `Displace` என்ற ஃபில்டர் இருக்கிறது. அது கேட்பது ஒரு வழிகாட்டிப் படம்: அதே ஹூடி போட்டோவின் கறுப்பு வெள்ளைப் பிரதி. அந்தப் பிரதியின் ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சம் எவ்வளவு என்று பார்த்து, டிசைனின் அந்த இடத்தை ஃபில்டர் நகர்த்துகிறது. வெளிச்சத்தின் அளவு 0 முதல் 255 வரை. நட்டநடுவான 128 இருந்தால் டிசைன் அசையாது. அதைவிட வெளுப்பான இடத்தில் ஒரு பக்கம் நகரும், இருண்ட இடத்தில் எதிர்ப்பக்கம் நகரும். மடிப்பின் ஒரு சரிவு வெளுத்தும் மறு சரிவு இருண்டும் இருப்பதால், அதைக் கடக்கும் கோடு தானாகவே நெளிகிறது.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம். வெளிர் சாம்பல் நிற ஹூடி. போட்டோவில் அதன் முதுகு 24 அங்குல அகலம், திரையில் 2000 பிக்சல். அதில் 12 அங்குல அகலத்துக்குக் கறுப்பு மையில் ஒரு வட்டமும் அதைச் சுற்றி எழுத்தும் வர வேண்டும். டிசைனின் அகலம் 1000 பிக்சல் ஆகிவிடுகிறது.

முதல் வேலை, போட்டோவின் பிரதியை எடுத்து நிறத்தை நீக்குவது. அடுத்து `Gaussian Blur` மூலம் மூன்று நான்கு பிக்சல் அளவுக்கு மங்கலாக்குவது. இந்த மங்கலைத் தவிர்க்கிறவர்கள் அதிகம், மாட்டிக்கொள்கிறவர்களும் அவர்களே. ஃபிளீஸின் பொடி இழைகளையும் மெலாஞ்ச் நூலின் புள்ளிகளையும் ஃபில்டர் மேடுபள்ளமாக எடுத்துக்கொள்ள, எழுத்துகளின் ஓரம் எலி கடித்ததுபோல் ஆகிவிடும். மங்கல் அதிகமானாலோ மடிப்பே கரைந்துபோகும். மடிப்பு தெரிய வேண்டும், இழை தெரியக்கூடாது என்பதுதான் கணக்கு.

அதன்பின் `Levels`. சாம்பல் ஹூடியின் சமதளப் பகுதி 220 என்ற வெளுப்பில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியே விட்டால் மடிப்பே இல்லாத இடத்திலும் டிசைன் நகரும். மொத்த வட்டமும் ஒரு பக்கமாகச் சரிந்து, வைத்த இடத்தில் இருக்காது. நடு ஸ்லைடரை நகர்த்திச் சமதளத்தை 128-க்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் இது நின்றுவிடும். இந்தப் பிரதியைப் போட்டோவின் அதே அளவில், ஒரே லேயராக்கி, PSD கோப்பாகச் சேமிக்க வேண்டும். வேறு வகைக் கோப்பை ஃபில்டர் ஏற்காது.

இப்போது டிசைனை ஹூடியின் மேல் வைத்து, ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிவிட்டு, `Filter > Distort > Displace`. நெடுக்கும் குறுக்கும் எவ்வளவு என்று இரண்டு எண்கள் கேட்கும். 100 கொடுத்தால் அதிகபட்ச நகர்வு 128 பிக்சல். 10 கொடுத்தால் சுமார் 13 பிக்சல். நம் ஹூடியில் அது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். மென்மையான மடிப்புக்கு இதுவே தாராளம். 30 கொடுத்தால் நகர்வு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும், எழுத்துகள் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் ஆடும். ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக இருப்பதால் எண்ணை மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

உண்மையைச் சொன்னால் இந்த ஃபில்டர் ஒரு கண்கட்டு வித்தை. வெளிச்சம் என்பது உயரம் அல்ல. பக்கவாட்டிலிருந்து விளக்கு அடித்தால் வெளுத்திருப்பது மடிப்பின் உச்சி அல்ல, விளக்கைப் பார்த்திருக்கும் சரிவு. துணியில் ஏற்கெனவே ஒரு லோகோவோ கறையோ இருந்தால் அதையும் பள்ளம் என்றே நினைத்துக்கொள்ளும். டிசைனின் ஒரு பகுதியை விழுங்கிவிடும் ஆழமான மடிப்பு அதற்குப் புரியவே புரியாது. அந்த இடத்தைக் கையால் மாஸ்க் போட்டு மறைக்க வேண்டும். முதுகின் பெரிய வளைவையும் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. அதை முதலிலேயே `Warp` மூலம் வளைத்துவிட்டு, பிறகு மடிப்புக்கு வர வேண்டும்.

ஆனாலும் கண் நம்புகிறது. நெளிவைவிட நிழலைப் பார்த்துத்தான் அதிகம் நம்புகிறது. டிசைன் லேயரை `Multiply` முறைக்கு மாற்றினால் துணியின் நிழல் மையின் வழியே தெரியும். இங்கே ஒரு சிக்கல்: டிசைன் முழுக் கறுப்பாக இருந்தால் அதற்குள் எந்த நிழலும் தெரியாது. அச்சான கறுப்பு மை நிஜத்தில் அவ்வளவு கறுப்பு இல்லை. நிறத்தை 35 அல்லது 40 அளவுக்கு உயர்த்தி, மடிப்பின் வெளிச்சத்தைத் தனி லேயராக மேலே மெலிதாகச் சேர்த்தால் மடிப்பு உயிர் பெறும். கறுப்பு ஹூடியில் வெள்ளை பிரிண்ட் என்றால் `Multiply` உதவாது, வெள்ளை காணாமலே போய்விடும். டிசைனைச் சாதாரண முறையில் விட்டுவிட்டு, கறுப்பு வெள்ளைப் பிரதியை அதன்மேல் மட்டும் நிழலாகப் படரவிட வேண்டும். கறுப்புத் துணியின் போட்டோவில் நிழல் சரியாகப் பதியாது என்பதால், வெளிர் நிற ஹூடியைப் போட்டோ எடுத்துப் பிறகு கறுப்பாக்குகிறவர்களும் உண்டு.

தொப்பியை மறந்துவிடக் கூடாது. முதுகில் தொங்கும் தொப்பி மேல்பகுதியில் சில அங்குலத்தை மூடிவிடும். டிசைன் அதற்குக் கீழே தொடங்க வேண்டும். தொப்பியின் நிழல் டிசைனின் மேல் விளிம்பிலும் விழ வேண்டும். அந்த ஒரு நிழல் இல்லாவிட்டால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

அச்சுக்கூடத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்த இன்னொரு விஷயம், மை பூசிய துணி மடிவதே வேறு மாதிரி. அடர்த்தியாக பிளாஸ்டிசால் மை ஏற்றிய பெரிய பிரிண்ட் துணியை விறைப்பாக்கிவிடும்; டிடிஎஃப் ஃபிலிமும் அப்படித்தான். அத்தகைய பிரிண்டின் நடுவில் நுணுக்கமான சுருக்கங்களைக் காட்டும் மாக்கப் அழகாக இருக்கலாம், ஆனால் வரப்போகும் ஹூடி அப்படி இருக்காது. மெல்லிய கோட்டோவியத்துக்குச் சுருக்கம் தாராளமாக இருக்கலாம். முழுக்க மை நிரம்பிய கட்டத்துக்கு 10-ஐ 5 ஆகக் குறைத்து, பெரிய மடிப்புகளை மட்டும் விட்டுவைப்பதே நேர்மை. வாங்குகிறவர்களும் விற்பனைப் படத்தில் ஒரு நேர்க்கோட்டைத் தேடிப் பிடித்து, அது மடிப்பைத் தாண்டும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பெரிய மடிப்பைத் தாண்டியும் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் போகிறது, நிழலும் அதில் விழவில்லை என்றால், அந்தப் பிரிண்ட் இன்னும் துணியில் ஏறவில்லை.